மூன்று கல்வியாண்டு ஓட்டிப் பார்த்த ‘நம் தெரு வரைபடம்’ பாடத்திட்டம்: ஜிபிஎஸ் எங்கே போதும், எங்கே போதாது

எட்டாம் வகுப்புக்கான பாடத்திட்டம் இது. 40 நிமிடப் பாடவேளை நான்கு. நான்கு பேர் ஒரு குழு, குழுவுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன், அதில் இலவச ஓஎஸ்எம்டிராக்கர் செயலி (பிளே ஸ்டோரில் தேட: OSMTracker). நடந்த பாதையைப் பதிவுசெய்து, இடையில் நிற்கும் இடங்களில் குறிப்போ படமோ குரல்பதிவோ சேர்க்கும். ஐபோனில் வராது. களம் மயிலாப்பூர், கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளமும் மாட வீதிகளிலிருந்து பிரியும் சந்துகளும்.

திட்டம் முதலில் இருந்த வடிவத்தில் ஒவ்வொரு கடை முன்னும் நின்று ஒரு புள்ளி வைக்க வேண்டும். அகலமான சாலையில் இது ஓரளவு நடக்கும். சந்துக்குள் நடக்காது. முதல் ஆண்டே, “மிஸ், மாவு மில்லு எதிர்வீட்டுக்குள்ள போயிடுச்சு” என்று ஒரு குழு திரையைக் காட்டியது. இன்னொரு குழுவுக்கு அதே மில் அடுத்த தெருவில் போய் உட்கார்ந்திருந்தது. போன் பழுதில்லை, பிள்ளைகள் பிழையும் இல்லை. ஐந்து மீட்டர் அகலச் சந்து, இரண்டு பக்கமும் மூன்று மாடி. செயற்கைக்கோளின் சமிக்ஞை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்தக் கூடுதல் தூரத்தையும் சேர்த்தே போன் கணக்குப் போடுவதால் புள்ளி நகர்ந்துவிடுகிறது.

செயலி திரையில் துல்லியம் என்று ஒரு எண் காட்டும். அதை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்காமல் வெளியே அழைத்துப் போகக் கூடாது. எண் 8 என்றால், அந்த இடத்தைச் சுற்றி 8 மீட்டர் ஆரத்துக்குள் நாம் இருக்க 68 விழுக்காடு வாய்ப்பு என்றுதான் ஆண்ட்ராய்டில் பொருள். மூன்றில் ஒரு தடவை அதற்கும் வெளியே இருக்கலாம். ஐந்து மீட்டர் தெருவில் எட்டு மீட்டர் தவறினால் கடை இடப்பக்கமா வலப்பக்கமா என்றுகூட போனால் சொல்ல முடியாது. பிள்ளையின் கண் சொல்லிவிடும். இரண்டாம் ஆண்டிலிருந்து திட்டத்தைத் திருப்பிப் போட்டது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்: தெருமுனைக்கு மட்டும் ஜிபிஎஸ், உள்ளே காலடி எண்ணிக்கை.

முதல் பாடவேளை பள்ளி மைதானத்தில். 50 மீட்டர் நாடாவை விரித்து, நடை எண்ணும் பிள்ளை மூன்று தடவை சாதாரண நடையில் நடக்கட்டும். ஒரு பிள்ளைக்கு 77, 79, 78 என்று வந்தது. சராசரி 78, ஆக ஒரு காலடி 0.64 மீட்டர். எண்ணுகிறோம் என்ற நினைப்பில் பிள்ளைகள் எட்டி எட்டி வைப்பார்கள். முதல் நடை மற்ற இரண்டிலிருந்து அதிகம் விலகினால் அதை விட்டுவிட்டு இன்னொன்று எடுக்க வேண்டும். (1802-இல் லாம்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்தியாவின் பெரிய நில அளவையைத் தொடங்கியதும் இப்படித்தான், பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்து. வகுப்பில் சொன்னால் காது கொடுப்பார்கள்.)

அதே வேளையில் போன்களையும் தயார் செய்துவிட வேண்டும். சிம் இல்லாத பழைய போன், செயற்கைக்கோள் இருக்கும் இடத்தை இணையத்திலிருந்து எடுக்க முடியாமல் வானத்திலிருந்தே வாங்கும். அதனால் முதல் புள்ளி கிடைக்கச் சில நிமிடம் ஆகும். திறந்த வெளியில் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அடுத்தது பேட்டரி அமைப்பு. திரை அணைந்ததும் சில போன்கள் செயலியையே நிறுத்திவிடுகின்றன. வீடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரே நேர்கோடு பாதையில் தெரிந்தால் காரணம் இதுதான். அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகும்.

இரண்டாம் வேளை காலை ஒன்பதுக்கு முன். வெயில் ஏறினால் திரை தெரியாது. ஒருவர் போன், ஒருவர் நடை, ஒருவர் நோட்டு, நான்காமவர் வண்டி பார்ப்பவர். அவருக்கு வேறு வேலை தரவே கூடாது. முதலில் குளக்கரை மூலையில் நின்று பார்க்கட்டும். மேலே வானம் திறந்திருப்பதால் எண் 4, 5 என்று இறங்கும். சந்துக்குள் பத்தடி வைத்ததும் அது ஏறுவதைப் பிள்ளைகளே பார்த்துவிட்டால் விளக்கம் பாதி முடிந்தது.

பிறகு சந்தின் இரு முனைகளிலும், முடிந்தவரை வானம் தெரியும் இடமாகப் பார்த்து, எண் 5-க்குக் கீழே வரும்வரை அரை நிமிடம் அசையாமல் நின்று புள்ளி. நடுவில் முழுக்க நோட்டுதான். பக்கத்தின் நடுவே கீழிருந்து மேலாக இரண்டு கோடு. அதற்குள் அடி எண்ணிக்கை, இடப்பக்கம் இருப்பது இடப்பக்கம், வலப்பக்கம் இருப்பது வலப்பக்கம். “61, வலம், மாவு மில், பழைய எண், புதிய எண்.” சென்னைக் கதவுகளில் இரண்டு எண்ணும் இருக்கும். இரண்டையும் எழுதாவிட்டால் பிறகு எது எதுவென்று சண்டை வரும்.

மூன்றாம் வேளை கணக்கு. ஒரு சந்து வடக்கு தெற்காக ஓடுகிறது. இரு முனைகளின் அட்சரேகை வித்தியாசம் 0.00118 பாகை. ஐந்தாம் தசம இடத்தில் ஒன்று என்பது வடக்கு தெற்கில் சுமார் 1.106 மீட்டர். ஆக 118 × 1.106 = 130.5 மீட்டர். காலடிக் கணக்கு 209 × 0.64 = 133.8. மூன்று மீட்டர் இடிக்கிறது. முனைப் புள்ளிகளிலேயே அதைவிட அதிகப் பிழை இருக்கக்கூடும் என்பதால் இது நல்ல பொருத்தம்தான். மொத்தத்தையும் முனைகளுக்குள் அடக்க 130.5-ஐ 133.8-ஆல் வகுத்தால் 0.975. மில் 61-ஆம் அடியில், 61 × 0.64 × 0.975, அதாவது தென்முனையிலிருந்து 38 மீட்டர், வலப்பக்கம். கிழக்கு மேற்குத் தெருவென்றால் தீர்க்கரேகைக்கு 1.106-க்குப் பதில் சென்னையில் 1.085 போட வேண்டும்.

இரு கணக்குக்கும் பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும். மாடு நின்றது, ஆட்டோ வந்தது, ஒதுங்கினார்கள், அந்த அடிகளையும் சேர்த்தோ விட்டோ எண்ணினார்கள். பதிவான பாதையின் ‘நடந்த தூரத்தை’ ஒப்பிட எடுக்கவே கூடாது. நின்ற இடத்திலேயே புள்ளி அங்குமிங்கும் அலைந்து நூல்கண்டு மாதிரி சிக்கும். அந்தச் சிக்கலும் தூரமாகக் கூடிக்கொண்டே போகும்.

நான்காம் வேளையில், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுவது. ஆசிரியரின் ஒரே பயனர் கணக்கில், iD என்ற உலாவித் திருத்தியில். தமிழ்ப் பெயருக்கு `name:ta` என்ற புலம் தனியே உண்டு. கடைப் பெயரைப் பலகையிலிருந்துதான் எடுக்க வேண்டும், வேறு நிறுவன வரைபடத்தைப் பார்த்து எழுதினால் உரிமைச் சிக்கல். பிள்ளைகளின் நடைப் பாதைக் கோப்பை ஏற்றத் தேவையே இல்லை. அதில் நேரமும் இருக்கிறது. ஒரு பிள்ளை வீட்டு வாசலிலேயே பதிவைத் தொடங்கியிருந்தால் வீடு எது என்று சொல்லிவிடும். பள்ளி வாசலில் தொடங்கிப் பள்ளி வாசலில் முடிப்பது என்று முதல் நாளே விதி போட்டாக வேண்டும்.

திட்டத்தில் இன்னும் குறையாக இருப்பது நேரம். நான்கு வேளையில் ஒரு குழு ஒரு சந்தை முடிக்கும், இரண்டாவதை முடிக்காது. அதனால் நோட்டுகளைத் தூக்கிப்போடாமல் வைத்து, அடுத்த ஆண்டுப் பிள்ளைகளிடம் அதே பக்கத்தைக் கொடுக்கிறோம். அவர்கள் சிவப்பு மையில் மாற்றங்களை மட்டும் எழுதுகிறார்கள். 61-க்கு எதிரே இப்போது ‘மில் மூடியது, செல்போன் கடை’.