ஏடிஆர் கோப்பா, மீளாய்வுக் குழுவா?

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடையைப் பதியும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பதிவும் நேரே கொழும்பிலுள்ள ஒரே தரவுத்தளத்துக்குப் போக வேண்டும் என்பது நிறுவனத்தின் இலக்குக் கட்டமைப்பு. ஆனால் இறங்குதுறையில் இணைப்பு விட்டு விட்டு வருகிறது. மீனோடு வந்தவர்கள் தராசடியில் காத்திருக்க மாட்டார்கள். எடையைக் கருவியிலேயே எழுதிவிட்டுப் பிறகு அனுப்பலாம் என்கிறது உள்ளூர் அணி. இந்த விலகலை எப்படி முடிவுசெய்வது?

முதல் வழி ஏடிஆர், அதாவது கட்டமைப்பு முடிவுப் பதிவு. 2011இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த சிறிய வடிவம்தான் இன்றும் பரவலாக இருக்கிறது. ஒரு முடிவுக்கு ஒரு கோப்பு. அது நிரலோடு சேர்ந்தே இருக்கும்.

```
doc/adr/0012-local-weights.md
நிலை: முன்மொழிவு
சூழல்: தராசடியில் இணைப்பு நிலையாக இல்லை
முடிவு: எடையைக் கருவியில் எழுதிப் பிறகு அனுப்புவோம்
விளைவு: ஒரே எடை இருமுறை போகலாம்;
        தனி அடையாள எண்ணைக் கருவியே இட வேண்டும்
```

இதில் உயிர் இருப்பது கடைசி வரியில். பிறகு வரும் ஒருவர் அந்த அடையாள எண் எதற்கென்று தெரியாமல் அதைத் தூக்கிவிட்டால், ஒரே மீனுக்கு இருமுறை காசு போகும். ஆனால் இந்தக் கோப்பு அடுத்த அணியைப் பார்க்காது. இங்கே அறக்குளாவுக்கு ஒரு குறியீடு, இன்னொரு துறைமுகத்தில் வேறொரு குறியீடு என்றால் இரண்டு ஏடிஆரும் தனித்தனியே சரியாகத்தான் இருக்கும். கொழும்பில் கணக்குச் சேரும்போதுதான் பிழை தெரியும்.

இரண்டாவது வழியான கட்டமைப்பு மீளாய்வுக் குழு இந்தப் பிழையை முன்பே கண்டுபிடித்துவிடும். எல்லா அணிகளின் முடிவுகளும் அதன் மேசைக்கு வருவதால், "மீன் குறியீட்டுப் பட்டியல் யாருடையது?" என்று அங்கே ஒருவர் கேட்பார். அதன் குறை தாமதம். மாதம் ஒருமுறை கூடும் குழுவுக்காக எந்த அணியும் கைகட்டி இருக்காது. எழுதி முடித்த நிரலுக்குத்தான் ஒப்புதல் கேட்கும். கூட்டக் குறிப்பிலும் "ஏற்கப்பட்டது" என்ற ஒரு சொல்தான் மிஞ்சும், காரணம் மிஞ்சாது.

ஏடிஆரும் சடங்காகிப்போகும். அதைக் கண்டுபிடிப்பது எளிது: `git log` பாருங்கள். நிரல் வந்து வாரங்கள் கழித்து ஏடிஆர் வந்திருந்தால், கைவிட்ட மாற்றுவழி ஒன்றுகூட அதில் இல்லையென்றால், அது முடிந்த வேலைக்கு எழுதிய நியாயம்.

ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால் நான் ஏடிஆர் பக்கம். ஆனால் இலக்கிலிருந்து விலகும் ஏடிஆர்கள் மட்டும் குழுவுக்குப் போகட்டும். கூட்ட நாளுக்குக் காத்திராமல், முன்மொழிவாக இருக்கும்போதே. குழுவின் பதிலையும் அதே கோப்பில் எழுதுங்கள். அனுமதி எந்தத் தேதியோடு முடியும் என்பதும் கட்டாயம். டோகாஃப் என்ற நிறுவனக் கட்டமைப்பு முறையிலும் இப்படியான விலக்கு காலவரையறையோடுதான் தரப்படுகிறது. அந்தத் தேதி வந்தும் துறைமுகத்தில் இணைப்பு சீராகவில்லையென்றால், அனுமதியைச் சும்மா நீட்டிக்காமல் இலக்கையே திருத்துவது பற்றிக் குழு பேச வேண்டும். திருத்தினால் அதற்கு 0019 என்று புதிய ஏடிஆர் எழுதலாம். 0012இல் நிலை வரியில் மட்டும் "0019ஆல் மாற்றப்பட்டது" என்று போட்டால் போதும், மற்ற வரிகளில் கைவைக்கக் கூடாது.