பத்திரம் தொலைஞ்சு போச்சுன்னு புரோக்கர்கிட்ட போனேன், 28 ஆயிரமும் போச்சு

தருமபுரி, பாலக்கோடு பக்கம் யாருக்காவது ஒரிஜினல் பத்திரம் தொலைஞ்சிருந்தா பணம் குடுக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க. போன வருஷம் அப்பா பேர்ல இருந்த 1994 கிரயப் பத்திரத்த ஜெராக்ஸ் எடுக்க தருமபுரி கொண்டு போயிட்டு, திரும்பி பாலக்கோடு பஸ்ல வரும்போது மஞ்சப்பையோட விட்டுட்டேன். டெப்போவுல கேட்டாச்சு, கண்டக்டர்கிட்ட கேட்டாச்சு, கிடைக்கல. நிலத்துல பாதிய விக்கறதா பேச்சு நடந்துட்டு இருந்த நேரம் வேற.

பத்திரம் எழுதற இடத்துல ஒருத்தர் இருந்தார், பேர் வேண்டாம். "எதுக்கு சார் நீங்க ஸ்டேஷன், பேப்பர் ஆபீஸுன்னு அலையறீங்க, இருபத்தெட்டு குடுங்க, போலீஸ் சர்டிபிகேட், பேப்பர் விளம்பரம், ரிஜிஸ்டர் ஆபீஸ் நகல் மூணும் ஒரே மாசத்துல கைல தரேன்"னார். நானும் வேலை முடிஞ்சா போதும்னு குடுத்துட்டேன். சொன்ன மாதிரியே மூணு பேப்பரும் வந்துச்சு, அதான் கொடுமை.

வாங்கறவரோட வக்கீல் ஒரே பார்வைல ஒதுக்கி வெச்சுட்டார். போலீஸ் சர்டிபிகேட்ல, அதாவது 'கண்டுபிடிக்க முடியவில்லை'ன்னு ஸ்டேஷன்ல குடுக்கற சான்று, புகார் பதிஞ்சதுக்கு அடையாளமா போடற சி.எஸ்.ஆர் நம்பரே இல்ல. நான் நேரா ஸ்டேஷன் புகார் குடுக்கவே போகலயே, யார் விசாரிச்சு யார் குடுத்தாங்கன்னு அப்பதான் உறைக்குது. ஸ்டேஷன்ல போய் கேட்டா "இது எங்க சீலே இல்லங்க"ன்னாங்க. இத சார்பதிவாளர் ஆபீஸ்ல நீட்டியிருந்தா போலி ஆவணம் குடுத்த கேஸ் என் மேலதான் வந்திருக்கும். விளம்பரம் யாரும் பாக்காத ஏதோ ஒரு வாரப் பேப்பர்ல வந்திருந்துச்சு, அதுலயும் சர்வே நம்பர் 142/2ஏ-க்கு பதிலா 142/2பி. அது பக்கத்துக் காட்டுக்காரரோடது! நகல்னு குடுத்தது என்னன்னா நான் அவருக்கு குடுத்த ஜெராக்ஸையே கலர்ல அடிச்சு ஒரு ரவுண்டு சீல்.

அப்புறம் நானே ஆரம்பத்துல இருந்து செஞ்சேன். முதல்ல தெரிஞ்சுக்கிட்டது, நகல் வாங்க போலீஸ் சர்டிபிகேட்டோ விளம்பரமோ எதுவுமே தேவையில்லங்க. கிரயம், தானம், பாகப்பிரிவினை மாதிரி நிலம் சம்பந்தப்பட்ட பத்திரத்துக்கு ஃபீஸ் கட்டி யார் வேணாலும் நகல் கேக்கலாம், பதிவுச் சட்டம் 57-வது பிரிவுலயே இருக்கு. (உயில் மாதிரி சிலதுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு.) பத்திர நம்பர் மறந்து போச்சுன்னா tnreginet.gov.in-ல வில்லங்கம் இலவசமா பாக்கலாம், அதுல நம்பர், வருஷம் ரெண்டும் கிடைச்சிரும். நகலுக்கு எனக்கு ஆயிரத்துக்குள்ளதான் ஆச்சு. வில்லங்கத்த பாக்கறப்ப பழைய அடமானப் பதிவு இருக்கான்னும் பாருங்க, ஏன்னா அப்பா காலத்துல பேங்க்ல வெச்சத மறந்துட்டு தொலைஞ்சதுன்னு நினைச்சவங்களும் இருக்காங்க. அப்படி இருந்துட்டு தொலைஞ்சதுன்னு புகார் குடுத்தா அது வேற வம்பு.

போலீஸ் சான்றும் விளம்பரமும் விக்கறப்ப, லோன் கேக்கறப்பதான் கேக்கறாங்க. புகார எங்க தொலைஞ்சுதோ அந்த ஏரியா ஸ்டேஷன்ல குடுக்கணும், நிலம் இருக்கற ஊர்ல இல்ல. நான் முதல்ல தப்பான ஸ்டேஷனுக்குப் போய் ஒரு நாள் வீணாக்கினேன். புகார்ல பத்திர நம்பர், வருஷம், சர்வே நம்பர், எந்த தேதி எந்த பஸ்ல போச்சுன்னு எழுதி, சி.எஸ்.ஆர் ரசீது கையில வாங்காம வெளிய வராதீங்க. அந்த நம்பர வெச்சுத்தான் அப்புறம் எல்லாமே. விளம்பரம் வக்கீல் பேர்ல, நம்ம மாவட்டத்துல ஓடற தமிழ் நாளிதழ் ஒண்ணுலயும் இங்கிலீஷ் பேப்பர் ஒண்ணுலயும் குடுத்தேன், ஆட்சேபம் இருந்தா 15 நாள்ல சொல்லணும்னு. அச்சுக்கு போறதுக்கு முன்னாடி புரூஃப் வாங்கி சர்வே நம்பர நகலோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாத்தேன், ஒருதடவ சூடுபட்டாச்சுல்ல. விளம்பரம் வந்த முழுப் பக்கத்தையும் பத்திரமா எடுத்து வெச்சு, 15 நாள் கழிச்சு அத ஸ்டேஷன்ல குடுத்த பிறகுதான் விசாரிச்சு இன்ஸ்பெக்டர் கையெழுத்தோட சான்று வந்துச்சு. மொத்தம் ரெண்டரை மாசம். ஒரே மாசத்துல மூணும்னு எவன் சொன்னாலும் சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு, நகல் வாங்கிட்டா ஒரிஜினல் திரும்ப வந்த மாதிரி ஆகாது. பத்திரத்துல என்ன இருந்துச்சுன்னு நிரூபிக்க அது செல்லும், ஆனா எங்க பேங்க்ல நகல் வெச்சு லோன் தர முடியாதுன்னுட்டாங்க. வாங்கறவரும் விலையில கொஞ்சம் குறைச்சுத்தான் பேசினார்.

அந்த புரோக்கர்கிட்ட ஊர்க்காரங்க ரெண்டு பேர கூட்டிட்டுப் போய் உக்காந்ததுல எட்டாயிரம் திருப்பி வந்துச்சு. மீதி இருபது அடுத்த வாரம்ங்கறார், இதோட ஆறாவது அடுத்த வாரம்.