காத்தாடியா, சோலாரா? ராதாபுரத்துக் கம்பியில் அடுத்த 60 மெகாவாட்

பணகுடி, காவல்கிணறு, பழவூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களும், சொந்த உபயோகத்துக்குக் கரண்ட் தேடும் மில்காரர்களும் இப்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இனிமேல் போடுவதாக இருந்தால் காத்தாடியா, சோலாரா? பெரும்பாலும் வருஷக் கணக்கை வைத்துப் பதில் சொல்லிவிடுகிறோம். நல்ல இடத்தில் நிற்கும் புதிய காற்றாலை, தன் முழுத் திறனில் சராசரியாக 30 சதவீதம் தரும் என்று வைத்தால், ஒரு மெகாவாட்டுக்கு வருஷத்தில் 26 லட்சம் யூனிட் வரும். சோலார் 20 சதவீதம் என்று வைத்தால் பதினேழரை லட்சம். இதைப் பார்த்தால் காத்தாடி ஜெயித்துவிட்டது. ஆனால் மின்தொகுப்பைத் திட்டமிடுகிறவர்கள் வருஷக் கணக்கை முதலில் பார்ப்பதே இல்லை. அந்த யூனிட் எந்த மாதம், எத்தனை மணிக்கு வருகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் பார்வைதான் சரி என்பது என் எண்ணம்.

முதலில் காற்று. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ அரபிக்கடலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று வந்து மலையில் மோதுகிறது. தண்ணீரை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, இடைவெளி கிடைத்த இடத்தில் வேகம் கூடி இந்தப் பக்கம் பாய்கிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், வடமேற்கே செங்கோட்டைக் கணவாய், இரண்டும்தான் நமக்கான வாசல்கள். அதனால்தான் குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாளில் ராதாபுரத்தில் புழுதி பறக்கும், முப்பந்தலிலும் சுரண்டைப் பக்கமும் காத்தாடிகள் விடாமல் சுற்றும். மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதத்தில்தான் வருஷ உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் வந்து சேர்கிறது. மிச்ச ஏழு மாதமும் மீதியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இந்த ஏற்றத்தாழ்வு இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம், காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக மாறுவது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வீசிய காற்று 8 மீட்டராகக் குறைந்தால், நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. காற்றில் இருக்கும் ஆற்றலோ 30 சதவீதம் போய்விட்டிருக்கும். 6 மீட்டருக்கு இறங்கினால் ஏறக்குறைய 70 சதவீதம் காணாமல் போகும். ஐப்பசியில் இறக்கை சுற்றுவதைப் பார்த்து “ஓடிக்கிட்டுதானே இருக்கு” என்று சொல்வது இதனால்தான் சரியாக வருவதில்லை. 3 மீட்டரைத் தாண்டியதும் இறக்கை சுற்ற ஆரம்பித்துவிடும். மீட்டரில் ஏறுவது சொற்பம்.

ஒரு நாளுக்குள்ளும் காற்றுக்கு ஒரு போக்கு உண்டு. சீசனில் விடியற்காலையில் தணிந்து, மதியத்துக்கு மேல் ஏறி, மாலையில் உச்சத்துக்குப் போவது பொதுவான நடை. விளக்குப் போடும் நேரத்தில் கைகொடுப்பதால் இது பெரிய வரம். சோலாரிடம் இல்லாத குணமும் இதுவே.

சோலாரின் கதை இதைவிட எளிது. சூரியன் ஏறுவதும் இறங்குவதும் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. மாறுவது இரண்டுதான்: மேகமும் சூடும். நல்ல வெயில் என்றால் நல்ல உற்பத்தி என்று நினைப்போம். ஆனால் பலகையின் அறிவிக்கப்பட்ட திறன் அதன் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை உச்சிவெயிலில் அந்தச் செல் 65 டிகிரியைத் தொடக்கூடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் இழப்பு என்றால், 40 டிகிரிக்கு 14 சதவீதம் போகிறது. அதனால் கத்திரி வெயிலைவிட, மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் மாசி மாதத்தில் பலகை நிம்மதியாக வேலை செய்யும். இருந்தாலும் சூடு கொஞ்சமாகத்தான் தின்னும். மேகம்தான் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவது. வடகிழக்குப் பருவமழையில் வானம் நாள் முழுக்க மூடிக்கிடந்தால், உற்பத்தி நல்ல நாளில் கால்வாசிக்குக் கீழேகூட இறங்கிவிடும்.

இனி ஒரு உதாரணத்தைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக வைத்தவை, ஆனால் நம் பருவத்துக்குப் பொருந்துபவை. ராதாபுரம் பக்கம் 100 மெகாவாட் காற்றாலைகள் ஒரு துணைமின் நிலையத்தில் சேர்கின்றன. அங்கிருந்து வெளியே போகும் கம்பி தாங்குவது 100 மெகாவாட். அந்தக் கம்பி ஆடி மாதத்துக்காகக் கட்டப்பட்டது. மாசி மதியம் அதில் ஓடுவது 8 மெகாவாட், மீதி இடம் சும்மா கிடக்கிறது. இங்கே இன்னும் 60 மெகாவாட் சேர்க்க வேண்டும்.

அதையும் காத்தாடியாகவே போட்டால் ஆடி மாலையில் 160-க்கு 136 வந்து நிற்கும், கம்பி 100-க்கு மேல் வாங்காது. அப்போதுதான் போன் வரும். “அண்ணாச்சி, பேக் டவுன் பண்ணச் சொல்லிட்டாங்க, பாதி மெஷினை நிறுத்தணும்” என்று ஆபரேட்டர் சொல்வதைக் கேட்காத காற்றாலைக்காரர் நம் பக்கம் குறைவு. காற்று அடிக்கும்போது நிறுத்துவதைப்போல வயிற்றெரிச்சல் வேறில்லை. அதேசமயம் மாசி மதியத்தில் 8 என்பது 13 ஆகும், அவ்வளவுதான்.

சோலாராகப் போட்டால்? மாசி மதியம் காற்று 8, சோலார் 45, மொத்தம் 53. ஆடி மதியம் காற்று 60, மேகம் வந்துபோகும் வானத்தில் சோலார் 35, மொத்தம் 95. மாலை ஐந்து மணிக்குக் காற்று 85, சோலார் 10, மறுபடி 95. ஒன்று ஏறும்போது ஒன்று இறங்குவதால் அதே கம்பி போதும். ஆடியில் சில மணி நேரம் வழிந்து வீணாகும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். புதுக் கம்பி இழுக்க வேண்டாம், கோபுரத்துக்கு வழி கேட்டு ஒவ்வொரு தோட்டத்துக்காரரிடமும் நிற்க வேண்டாம். ஏற்கெனவே காத்தாடி நிறைந்த இடத்தில் அடுத்தது சோலார் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இதுவே கோவில்பட்டிக்குக் கிழக்கே சோலார் மட்டும் நிற்கும் ஒரு துணைமின் நிலையம் என்றால், காற்று சுமாராக இருந்தாலும் காத்தாடியைத்தான் சொல்வேன்.

ஆனால் இந்த ஜோடியாலும் மூட முடியாத இரண்டு ஓட்டைகள் உண்டு. திட்டமிடுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை அவைதான்.

முதலாவது, சித்திரை மாத இரவு. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வீட்டுக்கு வீடு ஏசி ஓடும் காலம். பகலில் சோலார் ஓரளவு தாங்கிவிடும். இரவு எட்டு மணிக்குச் சோலார் பூஜ்யம், பருவக்காற்று இன்னும் வந்து சேரவில்லை. நம் உதாரணத்தில் காற்றும் சோலாரும் சேர்ந்த 160 மெகாவாட் முழுத் திறனுக்குக் கிடைப்பது 15. இரண்டாவது, ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தென்மேற்குக் காற்று ஓய்ந்துவிட்டது, வானமும் மூடிவிட்டது. காற்று 8, சோலார் 10, மொத்தம் 18. மழையில் தேவையும் குறையும் என்பது ஒரு ஆறுதல். ஆனாலும் இந்த நிலை ஒரு இரவோடு முடியாது, நாட்கணக்கில் நீளும்.

இரண்டும் ஒரே மாதிரித் தெரிந்தாலும் மருந்து வேறு வேறு. சித்திரை ஓட்டைக்குப் பேட்டரி சரியான மருந்து. 30 மெகாவாட்டை மூன்று மணி நேரம் தரும் பேட்டரி, அதாவது 90,000 யூனிட் பிடிப்பது, மதியச் சோலாரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறைந்து இரவில் கொடுத்துவிடும். தினமும் நிறைந்து தினமும் காலியாவதால் போட்ட காசும் திரும்பும். அதே பேட்டரியை ஐப்பசிக்குக் கேட்டுப் பாருங்கள். 60 மெகாவாட் சோலார் நல்ல நாளில் சுமார் 2.9 லட்சம் யூனிட் தரும். ஐந்து நாள் அடைமழையில் கால்வாசிதான் வந்தால், குறைவது கிட்டத்தட்ட 11 லட்சம் யூனிட். அதை ஈடுகட்ட அந்த அளவில் 12 பேட்டரி வேண்டும். அத்தனையும் ஆடியில் நிறைத்து வைத்து, ஐப்பசிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எந்த முதலாளியும் அதற்குப் பணம் போடமாட்டார்.

சிலர் இங்கே பேங்கிங்கைச் சொல்வார்கள். பழைய காற்றாலைகளுக்கு ஆடியில் அனுப்பிய யூனிட்டைக் கணக்கில் வைத்து, அதே நிதியாண்டுக்குள் மாசியில் மில்லுக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. மில்காரர்களுக்கு அது உயிர்நாடி, மறுக்கவில்லை. ஆனால் கணக்குதான் ஆடியிலிருந்து மாசிக்குப் போகிறது, மின்சாரம் போகவில்லை. மாசியில் அந்த மில் ஓடும்போது பெரும்பங்கு கரண்ட் அனல் நிலையத்திலிருந்துதான் வருகிறது. ஆடியில் உபரியாக வந்ததற்குப் பதில், தட்டுப்பாடான மாதத்தில் விலை கூடிய யூனிட்டைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்ற மின்வாரியத் தரப்பின் வாதத்தை நாம் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

பாபநாசம், சேர்வலாறு அணைகள் கார்த்திகையில் நிறைந்திருக்கும், அது உண்மை. இரண்டு மின்நிலையமும் சேர்ந்தால் 52 மெகாவாட். தண்ணீர் திறப்பதோ தாமிரபரணிப் பாசனத்தின் கையில். ஆகவே ஐப்பசிக்கு இன்றைய தேதியில் அனல், அணு நிலையங்களும் வெளி மாநிலத்திலிருந்து வாங்குவதும்தான். பருவத்தைப் படிப்பதன் மிகப் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது: அனல் யூனிட்டுகளின் வருடாந்திரப் பராமரிப்பைக் காற்று சீசனுக்குள் முடித்துக்கொள்வது. ஜூலையில் கொதிகலனைப் பிரித்தால் யாருக்கும் வலிக்காது, அக்டோபர் மழையில் பிரித்துப் போட்டிருந்தால் வெளியே என்ன விலை சொன்னாலும் வாங்கியாக வேண்டும்.

இதற்கு ஒரு வருஷ அனுபவம் போதாது. கேரளத்தில் பருவமழை தொடங்கும் இயல்பான தேதி ஜூன் 1. 2023-ல் அது ஜூன் 8-இல் தொடங்கியது, 2025-ல் மே 24-இலேயே வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே 15 நாள். மழை தொடங்கிய அன்றே நம் காத்தாடிகள் முழு வேகம் எடுத்துவிடாது என்றாலும், தென்மேற்குக் காற்று கீழடுக்கில் வலுப்பதும் அந்த அறிவிப்புக்கான அளவுகோலில் ஒன்று. ஆகவே அந்த 15 நாளும் அனல் நிலையங்கள் நிலக்கரியை எரித்துக் காத்திருக்க வேண்டுமா, ஓய்வெடுக்கலாமா என்பதை அதுவே தீர்மானிக்கும். அதனால் திட்டமிடுகிறவர்கள் பல வருஷத்து ஜூன் மாதங்களை அடுக்கி வைத்து, சராசரி ஜூனை ஒரு பக்கமும் மோசமான ஜூனை இன்னொரு பக்கமும் போட்டுப் பார்க்கிறார்கள். கையிருப்பு நிலக்கரியை முடிவு செய்வது மோசமான ஜூன்தான்.

ராதாபுரத்துக் கம்பிக்கு என் முடிவு இது: 60 மெகாவாட்டும் சோலார், கூடவே 30 மெகாவாட், மூன்று மணி நேரப் பேட்டரி. ஐப்பசிக்கு இந்த இடத்திலிருந்து எதையும் எதிர்பார்க்கக் கூடாது. மாநிலத்தின் நவம்பர் தேவையைக் கணக்கிடும்போது இந்த 160 மெகாவாட்டுக்கு நேரே 18 என்று எழுதி, மீதிக்கான ஏற்பாட்டை ஆவணி முடியும் முன்பே செய்துவிட வேண்டும்.