“டிஸ்கார்ட் பண்ணிட்டு புதுசா போட்டுருவோம்” என்று சொன்னால் உஷாராகுங்கள்

பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் ஆசிரியருக்கு 2024 ஆகஸ்டில் நடந்தது இது. வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தரும் ஒருவர் மவுசில் தட்டிய ஒரே தட்டில், ஆசிரியருக்கு இருபத்தையாயிரம் ரூபாய் போனது. அவர் பெயரும் கடைப் பெயரும் இங்கே வேண்டாம். அதே வேலையைச் செய்கிறவர்கள் ஜங்ஷன் முதல் அம்பாசமுத்திரம் வரை இருக்கிறார்கள்.

ஆசிரியருக்குச் சம்பளம் ஆண்டுக்குப் பத்து லட்சம். வீட்டுக்கடன் வட்டி இரண்டு லட்சமும், பி.எஃப்., எல்.ஐ.சி. சேர்த்து 80சி-யில் ஒன்றரை லட்சமும் கழிவு உண்டு. அதனால் பழைய வரிமுறையே அவருக்கு லாபம். ஜூலை 29 அன்று, அதாவது கடைசித் தேதியான ஜூலை 31-க்கு முன்பே, ஃபார்ம் 16-ஐ மட்டும் பார்த்து ரிட்டர்ன் ஏற்றப்பட்டது. சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு 50,000-மும் போக, வரிக்குரிய வருமானம் ஆறு லட்சம். வரி 33,800 ரூபாயைப் பள்ளியே சம்பளத்தில் பிடித்துவிட்டதால் பாக்கி எதுவும் இல்லை.

விட்டுப்போனது வங்கி டெபாசிட் வட்டி, 60,000 ரூபாய். முதிர்வில் மொத்தமாகக் கிடைக்கும் வகை டெபாசிட் அது. வட்டி பாஸ்புக்கில் வரவாகாமல் அசலோடு சேர்ந்துகொண்டே போகும். கைக்கு வராத பணம் வருமானமா என்று பலரும் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஆனால் வங்கி ஆண்டுதோறும் வட்டியைக் கணக்கிட்டு, பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்து, வரித்துறைக்கும் சொல்லிவிடுகிறது. ஆகஸ்டில், நம் வருமான விவரங்களை வரித்துறை திரட்டிக் காட்டும் ஏ.ஐ.எஸ். அறிக்கையைத் திறந்ததும் அந்த 60,000 கண்ணில் பட்டது.

ஆசிரியர் கடைக்குப் போனார். கிடைத்த பதில்: “சார், பழைய ரிட்டர்ன் இன்னும் வெரிஃபை ஆகாமத்தான் கெடக்கு. அதை டிஸ்கார்ட் பண்ணிட்டு புதுசா ஒண்ணு போட்டுருவோம். சோலி முடிஞ்சிரும்.”

ஆகஸ்ட் 12 அன்று அப்படியே செய்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெரிஃபை ஆகாத, அதாவது ஏற்றியபின் போட்டவர் இன்னும் உறுதி செய்யாத ரிட்டர்னை அழித்துவிட்டு வேறு போடும் வசதியைத் துறையே தந்திருக்கிறது. ஜூலை 31-க்குள் அழித்து, ஜூலை 31-க்குள்ளேயே புதியதைப் போட்டிருந்தால் ஒரு பாதகமும் இல்லை. கடைசித் தேதி போனபின் அழித்தால்தான் வினை. அழித்தது அழித்ததுதான், திரும்ப எடுக்க வழி கிடையாது. காலத்தோடு ரிட்டர்ன் போட்டதற்கான உரிமையும் அதோடு போகிறது. அடுத்துப் போடுவது 139(4) பிரிவில் வரும் பிலேட்டட் ரிட்டர்ன், அதாவது தாமத ரிட்டர்ன்.

அந்த ஆண்டு முதல் புதிய வரிமுறைதான் இயல்பு நிலை. வியாபார வருமானம் இல்லாதவர் பழைய முறை வேண்டும் என்றால், கடைசித் தேதிக்குள் போடும் ரிட்டர்னிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும். தாமத ரிட்டர்னில் அந்த வாய்ப்பே கிடையாது. ஆகவே வீட்டுக்கடன் வட்டியும் 80சி-யும் ஒரே அடியாகப் போய், நிலைக்கழிவு மட்டுமே மிஞ்சி, வட்டியும் சேர்ந்து வரிக்குரிய வருமானம் 10,10,000 ஆனது. வரி 63,960. பள்ளியும் வங்கியும் பிடித்த 39,800 போக பாக்கி 24,160. அதன்மேல் தாமதக் கட்டணம் 5,000. பாக்கி பத்தாயிரத்தைத் தாண்டியதால் முன்வரி கட்டாததற்கான வட்டியும், தாமதத்துக்கான வட்டியும் சேர்ந்து 2,600-க்கு மேல். மொத்தம் ஏறக்குறைய 31,800 ரூபாய். (தொழில் வரியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இதற்குக் கடைக்காரர் சொன்ன காரணம்தான் எரிச்சலூட்டுவது: “வருமானத்தை மறைச்சதுக்கு டிபார்ட்மெண்ட் போடுற ஃபைன் சார்.” சுத்தப் பொய். அந்த 5,000 ரிட்டர்ன் தாமதமானதற்கு மட்டுமே உள்ள கட்டணம். விட்ட வருமானத்தை நாமாகவே திருத்திச் சேர்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது ரிட்டர்னுக்கென்று தனிக் கூலியும் வாங்கிக்கொண்டார்.

செய்திருக்க வேண்டியது இதுதான். ஜூலை 29-ல் ஏற்றிய ரிட்டர்னை வெரிஃபை செய்ய 30 நாள் அவகாசம் உண்டு, அதாவது ஆகஸ்ட் 28 வரை. அதற்குள் வெரிஃபை செய்தால், ஜூலை 29-லேயே போட்டதாகத்தான் கணக்கு. ரிட்டர்ன் தப்பாக இருக்கிறதே, தப்பை எப்படி உறுதி செய்வது என்று தயங்கவேண்டாம். முதலில் அந்தத் தப்பு ரிட்டர்னையே e-Verify Return வழியாக ஆதார் ஓ.டி.பி. கொடுத்து வெரிஃபை செய்யவேண்டும். அப்போதுதான் திருத்துவதற்கு ஒரு ரிட்டர்ன் சட்டப்படி உயிரோடு இருக்கும். பிறகு 139(5) பிரிவில் ரிவைஸ்டு ரிட்டர்ன். அதில் பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண்ணையும் அது ஏற்றப்பட்ட தேதியையும் கொடுத்து, விட்டுப்போன வட்டியை மட்டும் அல்லாமல் சம்பளம், கழிவு எல்லாவற்றையும் மறுபடி முழுதாக நிரப்பவேண்டும். வங்கி பிடித்த 6,000-ஐயும் மறக்காமல் சேர்க்கவேண்டும்.

அப்படிப் போட்டிருந்தால் பழைய வரிமுறை அப்படியே நீடித்திருக்கும். வருமானம் 6,60,000, வரி 46,280, பிடித்தது போக பாக்கி 6,480. தாமதக் கட்டணம் இல்லை. பாக்கி பத்தாயிரத்துக்குக் கீழ் என்பதால் முன்வரி வட்டியும் இல்லை. அந்த 31,800-க்கும் இந்த 6,480-க்கும் உள்ள வித்தியாசம்தான் ஆசிரியர் இழந்த இருபத்தையாயிரம். e-Pay Tax பக்கத்தில் Self-Assessment Tax (300) என்ற தலைப்பில் கட்டி, சலான் விவரத்தை ரிட்டர்னில் ஏற்றினால் போதும். திருத்திய ரிட்டர்னையும் 30 நாளுக்குள் வெரிஃபை செய்தாகவேண்டும். பலர் இரண்டாவது முறை கோட்டைவிடுவது இங்கே.

30 நாளும் தாண்டியிருந்தால் நிலைமை வேறு. பிறகு வெரிஃபை செய்யும் தேதியே ரிட்டர்ன் போட்ட தேதியாகிவிடும். அதாவது ஏற்றியது ஜூலையாக இருந்தாலும் அது தாமத ரிட்டர்ன்தான். ரிவைஸ்டா பிலேட்டடா என்பது நம் விருப்பத்தில் இல்லை. முதல் ரிட்டர்ன் காலத்தோடு வெரிஃபை ஆகி நிற்கிறதா என்பதே அதைத் தீர்மானிக்கிறது. தாமத ரிட்டர்னையும் 139(5)-ல் திருத்தலாம், ஆனால் கட்டணமும் குறையாது, பழைய வரிமுறையும் திரும்பாது. ஆசிரியருக்குப் பின்னால் வழி அடைபட்டது அதனால்தான்.

கடைக்காரர் ஏன் வெரிஃபை செய்யாமல் விட்டார்? ஆதார் ஓ.டி.பி. ஆசிரியரின் போனுக்கு வரும். அவரைக் கூப்பிட்டு எண்ணைக் கேட்டு வாங்கவேண்டும். ஜூலைக் கடைசிக் கூட்டத்தில் அதற்குப் பொறுமை இல்லை. கணக்கின் ப்ரொஃபைலில் தன் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையுமே போட்டுவைத்திருந்ததால், வெரிஃபை பாக்கி என்ற நினைவூட்டல் ஒன்றுகூட ஆசிரியருக்கு வரவில்லை.

கடையில் தரும் தாளிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். தலைப்பில் Verification Form என்று இருந்தால் ரிட்டர்ன் இன்னும் வெரிஃபை ஆகவில்லை. Acknowledgement என்று இருந்தால்தான் முடிந்தது. அதே தாளில் Filed u/s என்ற வரியைப் பாருங்கள்: 139(1) என்றால் காலத்தோடு போட்டது, 139(5) என்றால் திருத்தியது. வருமானத்தைச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த ரிட்டர்ன் 139(4) என்று திரும்பி வந்தால், முதல் ரிட்டர்ன் என்ன ஆயிற்று என்று அங்கேயே கேளுங்கள். பாஸ்வேர்டைக் கையில் வாங்கிக்கொண்டு, ப்ரொஃபைலில் உங்கள் எண்ணை மாற்றிவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள்.