மணல் குவியலின் கன அளவு: நான்கு வழிகள், ஒரே குவியல்

தரையில் கூம்பாகக் கொட்டிக் கிடக்கும் மணலின் ஆரத்தை நேரடியாக அளக்க முடியாது. மையம் மணலுக்குள் புதைந்திருக்கிறது. அதனால் அடியைச் சுற்றி டேப்பை ஓட்டிச் சுற்றளவை எடுக்கிறோம், உயரத்தைத் தனியாக எடுக்கிறோம். அதற்கு மேல் எந்தக் கணக்கைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி. இங்கே நான்கு வழிகளை ஒரே குவியல் மேல் போட்டுப் பார்க்கிறேன்: சுற்றளவு 9.6 மீட்டர், உயரம் 1 மீட்டர், காய்ந்த மணல், சமதரை.

முதல் வழி, பள்ளிக்கூடத்துக் கூம்புச் சூத்திரம். ஆரத்துக்குப் பதில் சுற்றளவை நேராகப் போட்டால் இப்படி வரும்:

V = C² × h ÷ 12π

12π என்பது 37.7. அதாவது சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 37.7-ஆல் வகுத்தால் போதும். ஆரம் கண்டுபிடிக்கும் இடைப்படி தேவையில்லை. நம் குவியலுக்கு 92.16 ÷ 37.7 = 2.44 கனமீட்டர்.

இரண்டாவது, மனக்கணக்கு வழி. சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்குவது. 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் தானியக் குவியலுக்குச் சொல்லப்பட்ட விதி இது. 9.6-இல் ஆறில் ஒன்று 1.6, அதன் வர்க்கம் 2.56, உயரம் 1 என்பதால் விடையும் 2.56 கனமீட்டர். முதல் வழியைவிட 4.7 சதவீதம் கூடுதல். காரணம் எளிது: இந்த விதி உள்ளுக்குள் பை-யை 3 என்று எடுத்துக்கொள்கிறது, 37.7 வரவேண்டிய இடத்தில் 36 வருகிறது. அதே நூலில் பாஸ்கரர் வட்டத்துக்கு 3927/1250 என்ற நுட்பமான மதிப்பையும் 22/7-ஐயும் தருகிறார். ஆகவே குவியலுக்கு மட்டும் 3 வந்தது அறியாமையால் அல்ல. குவியலை அளக்கும் நுட்பத்துக்கு அது போதும் என்ற கணிப்பாகத்தான் எனக்குத் தெரிகிறது. இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு என்பது இதன் நல்ல குணம். விடையில் நூற்றுக்கு நாலரையைக் கழித்துவிட்டால் முதல் வழிக்கு வந்துவிடலாம்.

மூன்றாவது வழியில் உயரத்தை அளக்கவே வேண்டாம். கொட்டிய மணல் தன் இஷ்டத்துக்குச் செங்குத்தாக நிற்காது. காய்ந்த மணலின் சரிவு பெரும்பாலும் 30 முதல் 35 டிகிரிக்குள் அடங்கிவிடும். சரிவு தெரிந்தால் சுற்றளவிலிருந்தே உயரத்தைச் சொல்லிவிடலாம். லீலாவதி இதற்கும் கணக்கு தருகிறது: பருமணித் தானியத்துக்குச் சுற்றளவில் பத்தில் ஒன்று உயரம், நுண்மணிக்குப் பதினொன்றில் ஒன்று, கூர் உள்ள தானியத்துக்கு ஒன்பதில் ஒன்று. இவற்றைக் கோணமாக மாற்றினால் சுமார் 32, 30, 35 டிகிரி. மணலுக்கும் இதே வரம்புதான்.

பத்தில் ஒன்றை நம் குவியலுக்குப் போட்டால் உயரம் 0.96 மீட்டர். அதை ஆறில் ஒரு பங்கு விதியோடு சேர்த்தால் 2.56 × 0.96 = 2.46 கனமீட்டர். முதல் வழியின் 2.44-க்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! இது தற்செயல் அல்ல. இரண்டு விதியையும் சேர்த்தால் V = C³ ÷ 360 என்று ஆகிறது; 33 டிகிரியைச் சற்றே தாண்டிய சரிவுள்ள கூம்புக்கு இது அப்படியே சரியான சூத்திரம். ஒரு விதி கூட்டிச் சொல்வதை இன்னொன்று குறைத்துச் சமன் செய்துவிடுகிறது. காய்ந்த மணலுக்கு இதைவிடச் சுருக்கமான கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இதற்கு விலை உண்டு. சுற்றளவு இங்கே மும்மடியாக நிற்கிறது. டேப்பில் 30 சென்டிமீட்டர் கூடிப்போய் 9.9 என்று எடுத்தால், முதல் வழியில் விடை 6 சதவீதம் கூடும். இந்த வழியில் 10 சதவீதத்தை ஒட்டிப் போய்விடும். அப்புறம் ஈரம். ஈர மணல் 45 டிகிரி வரைகூட நிற்கும். அப்போது பத்தில் ஒன்று, ஒன்பதில் ஒன்று எதுவும் செல்லாது.

நான்காவது வழி, டேப்பைக் குவியலின் மேலேயே போடுவது: ஒரு பக்க அடியிலிருந்து உச்சி வழியாக மறுபக்க அடி வரை. அதில் பாதி சாய்வு உயரம். அதையும் ஆரத்தையும் வைத்துப் பிதாகரஸ் தேற்றத்தால் உயரத்தை எடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான்கில் எனக்கு நம்பிக்கை குறைந்த வழி இதுதான். நம் குவியலில் டேப் 3.65 மீட்டர் காட்ட வேண்டும். உச்சி மழுங்கியிருந்து 3.60 என்று காட்டினால், டேப்பில் தவறு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. கணக்கில் வரும் உயரமோ 95 சென்டிமீட்டராக இறங்கிவிடுகிறது. மணல் குவியல் தட்டையானது, அதனால் சாய்வு நீளத்தில் வரும் சிறு பிழை உயரத்தில் மூன்று மடங்காகப் பெருகுகிறது.

சரி, இதுவரை பார்த்தது சூத்திரங்களின் சண்டை. அதில் பெரிய இடைவெளியே 5 சதவீதம்தான். அளக்கும் இடத்தில் நடப்பது அதைவிடப் பெரிது, அது குவியலின் இரண்டு முனைகளில் நடக்கிறது.

முதலில் உச்சி. கையோ காற்றோ பட்டு மேலே 10 சென்டிமீட்டர் தட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் கூம்பில் மேல் 10 சென்டிமீட்டர் என்பது பத்தில் ஒரு பங்கு அளவுள்ள குட்டிக் கூம்பு. அதன் கன அளவு முழுக் கூம்பில் ஆயிரத்தில் ஒன்று, சுமார் இரண்டரை லிட்டர். அந்த மணலும் எங்கும் போகவில்லை, சரிவிலேயே கிடக்கிறது. ஆனால் உயரத்தை 90 சென்டிமீட்டர் என்று எடுத்து முதல் வழியில் போட்டால் விடை 2.20 கனமீட்டர். இரண்டரை லிட்டர் இடம் மாறியதற்கு 244 லிட்டர் கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

அடியிலும் இதே கதை. குவியலின் ஓரத்தில் மணல் மெல்லிய பாவாடை போலப் பரவிக் கிடக்கும். டேப்பை அதற்கு வெளியே ஓட்டுவதா உள்ளே ஓட்டுவதா? சுற்றிலும் 5 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் சுற்றளவு 31 சென்டிமீட்டர் கூடும், விடை 2.44-இலிருந்து 2.61-க்கு ஏறும். 160 லிட்டர் கூடுதல். அந்த 5 சென்டிமீட்டர் வளையத்தில் சராசரி 1 சென்டிமீட்டர் தடிப்புக்கு மணல் இருந்தால், உண்மையில் அங்கே கிடப்பது 5 லிட்டர்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, நேரான நீளக் கம்பு. கூம்பு நேர்மையாக இருப்பது சரிவின் நடுப்பகுதியில்தான். எதிரெதிர்ப் பக்கங்களில் சரிவின் நடுப்பகுதியை ஒட்டி ஒவ்வொரு கம்பை வைத்து, மேலே நீட்டிவிடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடம்தான் கணக்குக்கான உச்சி. மழுங்கிய மணல் அதற்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை. அதே கம்பின் கீழ்முனை தரையைத் தொடும் இடம்தான் கணக்குக்கான அடி. சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் இப்படிக் கோடு போட்டு, டேப்பை அந்தக் கோடுகள் வழியாக ஓட்டினால் பாவாடை வெளியே போய்விடும்.

உயரத்துக்கு உச்சியிலிருந்து கம்பியைக் குத்தி இறக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. தரை கெட்டியான தளமாக இருந்தால் சரி. மண் தரை என்றால் கம்பி எங்கே நின்றது என்று தெரியாது, குத்தும்போது உச்சியும் சரிந்துவிடும். கம்புகள் சந்திக்கும் புள்ளியிலிருந்து நேரான சட்டம் ஒன்றைக் கிடையாக நீட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, குவியலுக்கு வெளியே சட்டத்திலிருந்து தரைக்கு அளப்பது மேல். கயிறு வேண்டாம், நடுவில் தொய்யும்.

ஆகவே என் தேர்வு: கம்பு வைத்துத் திருத்திய சுற்றளவு, உயரம், முதல் வழி. மூன்றாவது வழியைச் சரிபார்க்க வைத்துக்கொள்வேன். சுற்றளவை உயரத்தால் வகுத்தால் காய்ந்த மணலுக்கு 9-க்கும் 11-க்கும் நடுவில் வர வேண்டும். நம் குவியலில் 9.6. விடை 12, 13 என்று வந்தால் உச்சி மழுங்கியிருக்கிறது, இல்லை டேப் பாவாடைக்கு வெளியே ஓடியிருக்கிறது. 8-க்குக் கீழே என்றால் மணல் ஈரம். ஆனால் இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது: மேலே சொன்ன 10 சென்டிமீட்டர் மழுங்கல் 10.7 என்று வரம்புக்குள்ளேயே நின்றுவிடும். அதைக் கம்புதான் காட்டிக்கொடுக்கும்.

அடி முழு வட்டமாக இல்லாவிட்டால்? ஒரே சுற்றளவுள்ள வடிவங்களில் அதிகப் பரப்பு வட்டத்துக்குத்தான். அதனால் கோணலான அடிக்குச் சுற்றளவிலிருந்து போடும் கணக்கு எப்போதும் கூட்டித்தான் சொல்லும், குறைத்துச் சொல்லாது. அகலம் 1, நீளம் 1.2 என்ற அளவில் நீண்டிருந்தால் பிழை ஒன்றேகால் சதவீதம், விட்டுவிடலாம். 1-க்கு 1.5 என்று நீண்டால் 6 சதவீதத்தைத் தாண்டும். அதற்கு மேல் நீண்ட குவியலைக் கூம்பு என்று எடுப்பதே தப்பு.

சுவரில் சாய்ந்த அரைக் குவியலுக்கு மணல் தரையில் போடும் வளைவை மட்டும் அளக்க வேண்டும், சுவரோரத்து நீளத்தைச் சேர்க்கக் கூடாது. அதை இரட்டித்து முழுச் சுற்றளவாக்கிக் கணக்குப் போட்டு, விடையில் பாதியை எடுத்தால் சரி. வளைவு 4.8 மீட்டர், உயரம் 1 மீட்டர் என்றால் 1.22 கனமீட்டர். உள்மூலையில் கொட்டியிருந்தால் வளைவை நான்கால் பெருக்கி, விடையை நான்கால் வகுக்க வேண்டும்.