சராசரி சதவீதமா, பவர் லாவா, அரை ஆயுளா? 140 வீடியோக்களை இரண்டு எண்ணில் அடக்கிப் பார்த்தது

அண்ணா நகரில் போட்டித் தேர்வுக்குக் கணக்கு நடத்துகிற என் பெரியம்மா மகன் யூடியூபிலும் பாடம் போடுகிறார். ஆறு நிமிடத்தில் முடிகிற ல.சா.அ.வும் இருக்கும், இருபத்தைந்து நிமிடம் ஓடுகிற தனிவட்டியும் இருக்கும். மொத்தம் 140 வீடியோ. "எது ஓடுது, எது ஓடலன்னு ஒரே பேப்பர்ல குடுடா" என்றார். ஒவ்வொன்றுக்கும் ரிட்டென்ஷன் கோடு, அதாவது எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்று காட்டும் கோடு, யூடியூப் ஸ்டூடியோவிலேயே இருக்கிறது. ஆனால் 140 கோடுகளைக் கண்ணால் ஒப்பிட முடியாது. ஒரு கோட்டுக்கு இரண்டு எண் என்று சுருக்க வேண்டும். எந்த இரண்டு?

மூன்று வழி பார்த்தேன். முதலாவது, யூடியூபே தருகிற சராசரிப் பார்வை நேரமும் சராசரிப் பார்வைச் சதவீதமும். உழைப்பே இல்லை. இரண்டாவது, பவர் லா: `R = a·t^(-b)`. `t` என்பது ஓடிய நொடி, `R` என்பது அப்போது மிச்சமிருப்பவர்களின் பங்கு. மூன்றாவது, எக்ஸ்போனென்ஷியல் தேய்வு:

```
R(t) = A · exp(-k · (t - 30))
```

`A` என்பது 30ஆவது நொடியில் மிச்சமிருப்பவர்களின் பங்கு. `k` என்பது அதற்குப் பிறகு நொடிக்கு நொடி ஆள் கழிகிற வேகம். `k`-ஐ அப்படியே யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் `ln 2 / k` என்று மாற்றி அரை ஆயுளாகச் சொல்கிறேன்: இருக்கிறவர்களில் பாதிப் பேர் போக எத்தனை நிமிடம். கூட்டுவட்டியும் தேய்மானமும் நடத்துகிறவருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பவர் லாவின் `b`-யை இன்றுவரை என்னால் அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை. அதை ஒரு குறையாக எழுத மாட்டேன், என் விளக்கத்தின் குறையாகக்கூட இருக்கலாம்.

எனக்கு முடிவைத் தந்தது வீடியோவின் நீளம். இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்வோம். ல.சா.அ. 6:30 நிமிடம், தனிவட்டி 24:30. இரண்டிலும் 30ஆவது நொடியில் 62 சதவீதம் பேர் இருக்கிறார்கள். ல.சா.அ.வின் அரை ஆயுள் 6 நிமிடம், தனிவட்டியின் அரை ஆயுள் 12. இந்தக் கோடுகளிலிருந்து சராசரியைக் கணக்கிட்டால் ல.சா.அ.வுக்குச் சுமார் 47 சதவீதம், தனிவட்டிக்கு 34. ஆக ல.சா.அ. ஜெயித்தது. சராசரி நேரத்தைப் பார்த்தால் ல.சா.அ. மூன்று நிமிடம், தனிவட்டி எட்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது தனிவட்டி ஜெயித்தது. சதவீதம் குட்டை வீடியோவுக்குச் சலுகை காட்டுகிறது, நேரம் நீள வீடியோவுக்கு. எதைக் கேட்டாலும் நீளம்தான் பதில் சொல்கிறது, பாடம் பேசவே இல்லை.

இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ல.சா.அ. முடிகிற 6:30இல் அங்கே மிச்சம் 31 சதவீதம். அதே 6:30இல் தனிவட்டியில் 44. ஆள் மெதுவாகப் போவது தனிவட்டியில்தான், அரை ஆயுள் அதை நேராகவே சொல்லிவிடுகிறது.

பவர் லாவும் நீளத்தில்தான் சறுக்கியது. தொடக்கத்தின் செங்குத்தான சரிவுக்கு அது அழகாகப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சோதனை வைத்தேன். தனிவட்டியின் முதல் 6:30 நிமிடத்தை மட்டும் வெட்டியெடுத்துத் திரும்பப் பொருத்தினேன். வீடியோ அதே வீடியோதான், ஆகவே எண் அதிகம் மாறக்கூடாது. அரை ஆயுள் 12லிருந்து பத்தரை ஆனது. `b` 0.33லிருந்து 0.16 ஆனது, பாதியாகவே. நேரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒரே விகிதத்தில் ஆள் குறைய வேண்டும் என்பது பவர் லாவின் கணக்கு. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கும் பத்திலிருந்து இருபதுக்கும் ஒரே இழப்பு என்று அது எதிர்பார்க்கிறது. எங்கள் பாடங்களில் ஆட்கள் அப்படிப் போகவில்லை.

அந்தப் பத்தரையையும் மறைக்கக் கூடாது. உண்மையான எக்ஸ்போனென்ஷியலாக இருந்தால் அதுவும் 12ஆகவே வந்திருக்கும். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர் முதலில் போய்விடுகிறார், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தவர் மிஞ்சுகிறார். அதனால் போகப் போக `k` கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். குட்டையையும் நீளத்தையும் கறாராக ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாவற்றிலும் 30 நொடி முதல் 5 நிமிடம் வரை மட்டும் பொருத்துங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேற்பட்ட வீடியோ எங்களிடம் நாலைந்துதான், அங்கே என் பேச்சை அதிகம் நம்ப வேண்டாம்.

பொருத்துவது இவ்வளவுதான்:

```python
t = ratio * length
m = (t >= 30) & (t <= length - 20)
s, c = np.polyfit(t[m] - 30, np.log(R[m]), 1, w=R[m])
A, half = np.exp(c), -np.log(2) / s / 60
```

`ratio` என்பது யூடியூப் அனலிட்டிக்ஸ் ஏபிஐயின் `elapsedVideoTimeRatio`, `R` என்பது `audienceWatchRatio`. எந்த வீடியோவுக்கும் 100 புள்ளிகள்தான் வரும். தனிவட்டியில் ஒரு புள்ளிக்குப் பதினைந்து நொடி. ஆகவே முதல் அரை நிமிடத்துக்கு இரண்டே புள்ளி, அதை வைத்துத் தொடக்கத்தின் வளைவைப் பொருத்த முயல்வது வீண். கடைசி 20 நொடியைக் கழிப்பது எண்ட் ஸ்கிரீனுக்காக. "நன்றி, வணக்கம்" என்றதும் விழுகிற சரிவு பாடத்தின் சரிவு அல்ல.

அந்த `w=R[m]`-ஐ நான் முதலில் போடவில்லை. லாக் எடுத்ததும் வாலில் இருக்கிற 8 சதவீதம், 9 சதவீதத்தின் சின்ன ஆட்டம்கூடப் பெரிதாகத் தெரியும், கோடு அதன் பின்னால் ஓடும். வரைந்து பார்த்தால் நடுப்பகுதி முழுக்கப் புள்ளிகள் கோட்டுக்கு ஒரே பக்கமாக நின்றன. எடை போட்டதும் இரு பக்கமும் சிதறின. இன்னும் ஒரு வீடியோவில் மட்டும் ஒரே பக்கமாக நின்றால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. எங்களுடைய ஒன்றில் நடுவே அவர் கைடு விற்பனை பற்றி ஒன்றரை நிமிடம் பேசியிருந்தார். ஆள் படிக்கட்டு மாதிரி ஒரே அடியாக இறங்கியிருந்தது, இரண்டு எண்ணில் அது தெரியவே தெரியாது. ஷார்ட்ஸை இதில் சேர்க்காதீர்கள். திரும்பத் திரும்ப ஓடுவதால் விகிதம் 1ஐத் தாண்டும், தேய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பேப்பரைக் கொடுத்தேன். `A` குறைவாகவும் அரை ஆயுள் நீளமாகவும் இருந்த பதினொரு வீடியோ அவர் கண்ணில் முதலில் பட்டது. பாடம் நன்றாக இருக்கிறது, வாசல்தான் சரியில்லை. மூன்றில் மட்டும் நாற்பது நொடி "வணக்கம் மாணவர்களே" முன்னுரையை ஸ்டூடியோ எடிட்டரில் வெட்டினோம். பிறகு வந்த பார்வைகளை மட்டும் எடுத்துப் பொருத்தினால் `A` மூன்றிலும் ஏறியிருந்தது. அரை ஆயுள் இரண்டில் கொஞ்சம் குறைந்திருந்தது. முன்னுரையிலேயே கழன்றுகொள்ள வேண்டியவர்கள் இப்போது பாடத்துக்குள் வந்து கழல்கிறார்கள் என்று நினைக்கிறேன். "அப்ப ரெண்டு எண்ணும் தனித்தனி இல்லையாடா?" என்றார் அண்ணன். இல்லைதான்.