கோரைப்பல்லை நம்பாதீர்கள், கடைவாயைப் பாருங்கள்: மண்டையோட்டில் உணவைப் படிக்கும் வழி

ஒரு பூனை, ஒரு ஆடு, ஒரு பன்றி. மூன்றின் மண்டையோடுகளையும் மேசையில் வைத்து, எது என்ன தின்றது என்று கேட்டால், மாணவர்களின் கண் முதலில் போவது கோரைப்பல்லுக்குத்தான். நீளமாக, கூர்மையாக இருந்தால் ஊன் உண்ணி, இல்லாவிட்டால் தாவர உண்ணி என்று முடிவு கட்டிவிடுவார்கள். பூனைக்கும் ஆட்டுக்கும் இது சரியாக வந்துவிடுவதால் விதியே இதுதான் என்று மனதில் பதிந்துவிடுகிறது.

ஆனால் நீர்யானையின் கீழ்க்கோரை பல அங்குல நீளம் வளரும். அது தின்பது புல். ஆண் கஸ்தூரி மானுக்கு மேல்தாடையிலிருந்து இரண்டு கோரைப்பற்கள் வாய்க்கு வெளியே தொங்கும். அது இலை தழை மேய்கிற விலங்கு. ஆண் கொரில்லாவின் கோரையைத் தனியாகக் கையில் கொடுத்தால் யாரும் இலை தின்னும் விலங்கின் பல் என்று சொல்லமாட்டார்கள். இந்த மூன்றிலும் கோரைப்பல் சண்டைக்கும் மிரட்டலுக்கும் உரியது. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கண்குழி அடுத்த துப்பு. முன்பக்கம் பார்த்தால் வேட்டையாடி, பக்கவாட்டில் இருந்தால் இரை என்பார்கள். கிளைக்குக் கிளை தாவும் குரங்குக்கும் தூரத்தைக் கணிக்க முன்நோக்கிய கண் தேவைப்படுகிறது. அதனால் கண்குழி விலங்கின் வாழ்க்கை முறையைச் சொல்லும், தட்டில் என்ன இருந்தது என்று சொல்லாது. வெட்டுப்பல்லும் பாதிதான் உதவும். மாடு, ஆடு, மான் இவற்றுக்கு மேல்தாடையில் முன்வெட்டுப்பல் கிடையாது, கெட்டியான ஈறுதான் இருக்கும். அதே புல்லைத் தின்னும் குதிரைக்கோ மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு.

ஆகவே எங்கள் ஓட்டு கடைவாய்ப் பற்களுக்குத்தான். முன்பற்கள் கடிக்கும், சண்டையிடும், மண்ணைக் கிளறும், குட்டியைத் தூக்கும், உடம்பைச் சொறியும். கடைவாய்ப் பல்லுக்கு ஏறக்குறைய ஒரே வேலைதான், உணவைப் பதப்படுத்துவது. அதனால் அதன் வடிவத்தில் உணவைத் தவிர வேறு எதுவும் அதிகம் கலப்பதில்லை. நடைமுறையில் இன்னொரு வசதியும் உண்டு. முன்பற்கள் ஒற்றை வேர் கொண்டவை, காய்ந்த மண்டையோட்டிலிருந்து உதிர்ந்துவிடும். கடைவாய்ப் பற்களுக்குப் பல வேர்கள் என்பதால் அவை பெரும்பாலும் இடத்திலேயே நிற்கும். முன்பல் இல்லாத மண்டையோட்டைப் பார்த்தவுடன் "முன்பல்லே கிடையாது" என்று எழுதிவிடாமல், எலும்பில் வெற்றுக்குழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைவாயில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சந்திக்கின்றன?

பூனையில் அவை ஒன்றின்மேல் ஒன்று உட்காருவதில்லை, உரசிக்கொண்டு கடந்துபோகின்றன. பூனைக்கு மொத்தம் 30 பற்கள். அவற்றில் மேல்தாடையின் கடைசி முன்கடைவாய்ப்பல்லும் கீழ்த்தாடையின் ஒரே பின்கடைவாய்ப்பல்லும் சேர்ந்து ஒரு ஜோடி. இதற்குக் கார்னாசியல் ஜோடி என்று பெயர். தாடையை மெதுவாக மூடிப் பாருங்கள். கீழ்ப்பல்லின் வெளிப்புறம் மேல்பல்லின் உட்புறத்தை ஒட்டியே மேலேறும். அப்படியே கத்தரிக்கோல். தாடை மூட்டும் அதற்கேற்றபடி அமைந்திருக்கிறது. கீழ்த்தாடையின் முனை குறுக்காகக் கிடக்கும் உருளை போன்றது. அது மண்டையோட்டின் ஆழமான பள்ளத்தில் பொருந்துகிறது. தாடையைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் மிகக் கொஞ்சம்தான் நகரும். மூட்டு பல்வரிசையின் மட்டத்திலேயே இருப்பதால், கத்தரியில் நடப்பது போலவே, பின்பகுதி முதலில் மூடி வெட்டு முன்னோக்கி ஓடுகிறது.

ஆடு இதற்கு நேர்மாறு. கீழ்த்தாடையை மேசையில் வைத்து, கடைவாய்ப் பற்களின் உச்சியோடு ஒரு அளவுகோலைப் பின்பக்கமாக நீட்டுங்கள். பூனையில் அளவுகோல் மூட்டை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டு போகும். ஆட்டில் மூட்டு அளவுகோலுக்கு மேலே நன்றாக எழும்பி நிற்கும். அச்சு அப்படி உயர்ந்திருப்பதால் முன்னும் பின்னுமுள்ள கடைவாய்ப் பற்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஆறு, கீழே ஆறு என்று 24 பற்கள் சேர்ந்து அரைக்க இது அவசியம். மூட்டின் பரப்பும் தட்டையானது, அதனால் தாடை பக்கவாட்டில் தாராளமாக நகரும். இன்னொரு சோதனையும் உண்டு. இடப்பக்கப் பற்களைச் சரியாகப் பொருத்திவிட்டு வலப்பக்கத்தைப் பாருங்கள், அங்கே பற்கள் சரியாகச் சேராது. மேல்வரிசைகள் இரண்டும் கீழ்வரிசைகளைவிட அகலமாக விலகியிருப்பதால் ஆடு ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தில்தான் மெல்லும்.

இனி அந்தப் பல்லின் மேற்பரப்பில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். பிறை வடிவ வரம்புகள் தட்டுப்படும். வரம்பு எனாமல், இடையிலுள்ள பள்ளம் டென்டைன். எனாமல் கடினம், டென்டைன் மென்மை. அரைக்க அரைக்க டென்டைன் முதலில் தேய்ந்து இறங்குவதால் எனாமல் வரம்பு எப்போதும் எழும்பியே நிற்கிறது. திருகைக்கல் வழவழப்பானால் திரும்பக் கொத்த வேண்டும், இந்தக் கல்லோ தேயத் தேயத் தன்னைத்தானே கொத்திக்கொள்கிறது. அதனால் தாவர உண்ணியில் தேய்மானம் குறையல்ல, பல் வேலை செய்யும் முறையே அதுதான். இப்போதுதான் முளைத்த குட்டிப் பல்லை வைத்து ஆட்டைப் படிக்கப் போனால் பிறைகள் தெளிவாகத் தெரியாமல் குழம்புவீர்கள்.

அனைத்துண்ணியில்தான் உண்மையான சிக்கல். பூனைக்கும் ஆட்டுக்கும் நடுவில் இருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்த்தால் அப்படி ஒரு நடு இல்லை. பன்றியின் தாடை மூட்டு ஆட்டைப் போல உயரத்தில் இருக்கும். கரடியின் மூட்டோ பூனையின் உறவுக்காரர்களைப் போலக் கீழேயே, குறுக்கு உருளையாக இருக்கும். இரண்டும் எல்லாவற்றையும் தின்னும் விலங்குகள். மூட்டை மட்டும் பார்த்தால் பன்றி தாவர உண்ணி, கரடி ஊன் உண்ணி என்றாகிவிடும். பின்கடைவாய்ப் பல்லில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன: கத்தியும் இல்லை, பிறையும் இல்லை, உருண்டையான மொட்டுகள் கொண்ட அகலமான பரப்பு. இது உரலில் இடிப்பது போன்ற வேலை. கிழங்கு, கொட்டை, பழம், புழு, இறைச்சி எதுவானாலும் நசுக்கித் தள்ளிவிடும்.

ஊன் உண்ணி வம்சத்துக்குள் இதை அளந்தே பார்க்கலாம். பூனை, நாய், கரடி மூன்றின் கீழ்த்தாடைகளையும் வரிசையாக வையுங்கள். கார்னாசியல் பல்லைக் கண்டுபிடித்து அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூனையில் ஒன்றுமே இல்லை, வரிசை கத்தியோடு முடிந்துவிடுகிறது. 42 பற்கள் கொண்ட நாயில் கார்னாசியலின் பின்பகுதியே தட்டையாக மாறியிருக்கும், அதற்குப் பின் இரண்டு சின்ன நசுக்கும் பற்களும் உண்டு. கரடியில் கார்னாசியல் கத்தித்தன்மையை இழந்துவிட்டது, பின்பற்கள் நீண்டு அகன்று கிடக்கும். வெட்டும் நீளம் எத்தனை மில்லிமீட்டர், நசுக்கும் நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நசுக்கும் பங்கு கூடக்கூட உணவில் இறைச்சி அல்லாதது கூடுகிறது என்று படிக்கலாம். இந்தக் கணக்கை ஆட்டோடோ பன்றியோடோ போடாதீர்கள், அவற்றுக்குக் கார்னாசியலே கிடையாது.

இனி பெயர் ஒட்டாத ஒரு மண்டையோட்டை முழுவதுமாகப் படித்துப் பார்ப்போம். நீண்ட முகம், மேல்நோக்கி வளைந்த கோரைப்பற்கள். கோரையைப் பார்த்தவர் ஊன் உண்ணி என்பார். கண்குழி பக்கவாட்டில் இருப்பதைப் பார்த்தவர் தாவர உண்ணி என்பார். மேலே வெட்டுப்பற்கள் இருக்கின்றன, ஆகவே ஆடு, மாடு, மான் கூட்டம் இல்லை. பற்களையும் வெற்றுக்குழிகளையும் சேர்த்து எண்ணினால் 44 வருகிறது. அளவுகோலை வைத்தால் மூட்டு உயரத்தில் இருக்கிறது, அதனால் கத்தரி வேலை நடக்காது. கடைவாய்க்கு வந்தால் பின்கடைவாய்ப் பற்கள் மூன்றும் பின்னால் போகப் போகப் பெரிதாகின்றன. கடைசிப் பல்தான் மிக நீளம், அதன்மேல் நெருக்கமாகச் சின்னச் சின்ன மொட்டுகள். பிறை வரம்பும் இல்லை, கத்தி விளிம்பும் இல்லை. இது அனைத்துண்ணி, அதாவது பன்றி.

இதே மண்டையோடு வயதான பன்றியினுடையதாக இருந்தால் தடுமாற இடமுண்டு. மொட்டுகள் தேய்ந்து, தட்டையான பரப்பில் டென்டைன் தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்து அரைக்கும் பல் என்று எழுதிவிடுவார்கள். டென்டைன் எந்த வடிவத்தில் தெரிகிறது என்று பாருங்கள். பன்றியில் ஒழுங்கற்ற திட்டுகளாகத் தெரியும், ஆட்டில் வரிசையான பிறைகளாகத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் கடைசிப் பல்லுக்குப் போங்கள். கடைசியாக முளைத்தது என்பதால் அதுதான் குறைவாகத் தேய்ந்திருக்கும். பல்லின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, விளையாட்டுக் களிமண்ணை இலேசாக அழுத்தி எடுத்தால் அச்சு தெளிவாகக் கிடைக்கும். தாள் போடாமல் அழுத்தினால் களிமண் வெடிப்புகளில் புகுந்து, பிரிக்கும்போது எனாமல் சில்லு பெயர்ந்து வரும்.

பல்லும் மூட்டும் வேறுவேறு கதை சொன்னால் உணவு விஷயத்தில் பல்லின் பக்கம் நில்லுங்கள். ராட்சதப் பாண்டா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மூட்டு கரடி வம்சத்தைக் காட்டும், அகன்று மொட்டுகள் நிறைந்த கடைவாய்ப் பற்கள் மூங்கிலைக் காட்டும். மூட்டு முன்னோரைப் பற்றிச் சொல்கிறது, பல் இன்றைய சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறது.

மெல்லாமல் விழுங்கும் விலங்குகளில் மட்டும் இந்த முறை எடுபடாது. டால்பினுக்கும் முதலைக்கும் முன்னிருந்து பின்வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி கூம்புப் பற்கள்தான். பிடித்து நிறுத்துவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. அங்கே கடைவாய்ப் பல் என்று பிரித்துப் பார்க்க எதுவும் இல்லாததால், அந்த மண்டையோடுகளை இந்த வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.